வரம்பு போட்டும் பில் கூடுகிறது: என் சர்வர் கணக்கும் மாடல் நிறுவனத்தின் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கோடநாடு_பனி | 8 ஜூலை 2025, இரவு 9:12

கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு ஆப் நடத்துகிறேன். கொப்புள நோய்க்கு எப்போது மருந்தடிப்பது, கவாத்து முடிந்ததும் என்ன உரம் என்றெல்லாம் தமிழில் கேட்பார்கள். பதில் வெளியிலுள்ள ஒரு நிறுவனத்தின் மொழி மாடலிலிருந்து வருகிறது. கீ போனில் இல்லை. போன் என் சர்வரைக் கூப்பிடும், சர்வர் மாடலைக் கூப்பிடும். பைதான், FastAPI, Postgres.

ஆளுக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய், எல்லோருக்கும் சேர்த்து 300 ரூபாய் என்று வரம்பு வைத்திருக்கிறேன். நேற்று என் டேபிள் 184 ரூபாய் என்றது. நிறுவனத்தின் பக்கத்தில் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் 271. எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, சில நாள் இப்படி எகிறுகிறது. கீ திருடு போயிருக்குமோ என்று மாற்றியும் பார்த்துவிட்டேன், வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஊட்டி_உருளை | 8 ஜூலை, இரவு 9:30

இதுக்கு ஏன் இவ்வளவு தலைவலி? அவங்க பக்கத்துலயே மாத வரம்பு வைக்க இடம் இருக்கும். அதை வைங்க, தாண்டினா தானா நின்னுடும். சர்வரில் ஐபி-க்கு நிமிடத்துக்கு 10 என்று கட்டுங்கள். முடிந்தது.

கொடை_விடுதி | 8 ஜூலை, இரவு 10:05

எனக்கும் பில் பிரச்சினைதான். கொடைக்கானலில் சின்ன விடுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் இ-பாஸ் எப்படி எடுப்பது, பேரிஜம் போக அனுமதி எங்கே என்று ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறார்கள் என்று ஒரு தம்பியிடம் சொல்லி ஆப் செய்தேன். 2024 மே மாதம் கோர்ட் உத்தரவில் இ-பாஸ் வந்ததிலிருந்து போன் ஓய்வதில்லை. போன மாதம் பில் பல மடங்கு வந்தது. விடுதியில் பாதி அறை காலி! இணைய பேக்கை மாற்றினால் குறையுமா?

வெலிங்டன்_வாசி | 8 ஜூலை, இரவு 10:41

விடுதிக்காரரே, இணைய பேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கீ ஆப்புக்குள்ளேயே இருக்கிறதா? இருந்தால் இன்று இரவே அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். APK என்பது ஒரு zip கோப்புதான். பிரித்து உள்ளே தேடினால் கீ கையில் கிடைத்துவிடும், எத்தனை மறைத்து வைத்தாலும் அப்படித்தான். காலி அறையிலிருந்து யாரும் கேள்வி கேட்கவில்லை, வேறு யாரோ உங்கள் செலவில் கேட்கிறார்கள்.

பனி, உங்கள் கதை வேறு. மாடலைக் கூப்பிடும் இடத்தையும், செலவை டேபிளில் எழுதும் இடத்தையும் போடுங்கள். வித்தியாசம் அதிகமான நாட்களில் ஊரில் என்ன நடந்தது என்றும் யோசித்துப் பாருங்கள்.

கோடநாடு_பனி | 9 ஜூலை, காலை 6:50

சுருக்கி எழுதினால் இதுதான்:

```python
if await spent_today(user) >= cap:
    raise HTTPException(429)

async def stream():
    async for part in upstream:
        yield part.text
    await add_cost(user, part.usage)
```

கடைசித் துண்டில் usage வருகிறது, அதை வைத்து எழுதுகிறேன். ஊரில் என்ன நடந்தது என்றால், மழைதான். 7ஆம் தேதி மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை, டவரும் விட்டுவிட்டு வந்தது. அதற்கும் பில்லுக்கும் என்ன தொடர்பு?

வெலிங்டன்_வாசி | 9 ஜூலை, காலை 7:35

நேரடித் தொடர்பு. ஒருவர் தோட்டத்தில் நின்று கேட்கிறார். பதில் வரி வரியாக வந்துகொண்டிருக்கும்போது வளைவில் இறங்குகிறார், சிக்னல் போகிறது. போன் துண்டித்தது தெரிந்ததும் FastAPI உங்கள் `stream()`-ஐப் பாதியிலேயே ரத்து செய்துவிடும். `yield` இருக்கும் இடத்திலேயே கதை முடிந்தது. கீழே இருக்கிற `add_cost` வரி ஓடவே ஓடாது. மாடல் அதுவரை எழுதியதற்கு அந்த நிறுவனம் காசு எடுத்துக்கொள்ளும், நீங்கள் அனுப்பிய முழு உள்ளீட்டுக்கும் சேர்த்து. உங்கள் டேபிளுக்கு மட்டும் அது தெரியாது.

இன்னொன்று. மேலே இருக்கும் `if`, இதுவரை எழுதப்பட்ட செலவைத்தான் பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகளை அது பார்ப்பதில்லை. சிக்னல் போய்ப் போய் வரும்போது உங்கள் ஆப் தானாகத் திரும்ப முயன்றால் ஒரே ஆளின் கேள்வி மூன்று ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும். மூன்றுக்கும் பழைய தொகைதான் தெரியும், மூன்றும் தாண்டிப் போய்விடும்.

ஆப்பில் தானாகத் திரும்ப முயலும் வேலை இருக்கிறதா?

கோடநாடு_பனி | 9 ஜூலை, காலை 8:02

இருக்கிறது அண்ணா. சிக்னல் மோசம் என்றுதான் அதை வைத்தேனே.

லவ்டேல்_லதா | 9 ஜூலை, காலை 11:20

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சர்வர் பக்கத்திலும் திரும்ப முயலும் வேலை ஒளிந்திருக்கும். ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டின் பைதான் லைப்ரரியிலும் `max_retries` நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலே 2. அதாவது ஒரு அழைப்பு உள்ளுக்குள் மூன்றாகலாம். 429 வந்து திரும்ப முயன்றால் செலவில்லை. டைம்-அவுட் ஆகித் திரும்ப முயன்றால் முதல் தடவை அந்தப் பக்கம் ஓடி முடிந்திருக்கவும் வாய்ப்புண்டு. நான் அதை 0 ஆக்கிவிட்டு, திரும்ப முயல்வதை என் கோடிலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முயற்சிக்கும் லாகில் ஒரு வரி விழும்.

ஊட்டி_உருளை | 9 ஜூலை, மதியம் 1:15

நான் சொன்ன மாத வரம்பை யாரும் கண்டுகொள்ளவில்லை போல!

வெலிங்டன்_வாசி | 9 ஜூலை, மாலை 5:48

கண்டுகொண்டேன், பாதி சரி. அந்தப் பக்கத்தில் ஒரு கூரை கட்டாயம் வேண்டும். ஆனால் அது எந்த வகைக் கூரை என்று பார்க்க வேண்டும். கூகுள் கிளவுடில் பட்ஜெட் என்று இருப்பது எச்சரிக்கை மட்டும்தான். மின்னஞ்சல் வரும், செலவு நிற்காது. உறுதியாக நிற்பது முன்பணம் போட்டு வைக்கும் முறை, அதுவும் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவைத்தால். அப்படி நின்றாலும் எல்லோருக்கும் ஒரேயடியாக நிற்கும். ஒருவர் 10ஆம் தேதிக்குள் தீர்த்துவிட்டால் மீதி மாதம் முழுக்க மற்றவர்களுக்குப் பதில் இல்லை. ஆளுக்கு வரம்பு போட நம் சர்வரால் மட்டும்தான் முடியும்.

ஐபி வரம்பு இங்கே வேண்டாம். மொபைல் நெட்டில் பல பேர் ஒரே வெளி ஐபி-யில் வருவார்கள். நிமிடத்துக்கு 10 என்று கட்டினால் ஒரே டவரில் இருக்கிற ஹட்டிக் கிராமம் முழுக்க ஒருவருக்கொருவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஓடிபி போட்டு உள்ளே வந்த எண்ணுக்குத்தான் வரம்பு. ஐபி-யை ஓடிபி கேட்கும் பக்கத்துக்கு மட்டும், அதுவும் தாராளமாக வைக்கலாம்.

பனி, இனி உங்கள் வேலை. செலவைப் பின்னால் எழுதாதீர்கள், முன்னாலேயே பிடித்து வையுங்கள். கணக்கு எளிதாக இருக்க ஒரு விலை வைத்துக்கொள்வோம்: உள்ளீடு 10 லட்சம் டோக்கனுக்கு 100 ரூபாய், வெளியீடு 10 லட்சத்துக்கு 400 ரூபாய். உங்கள் நிலையான குறிப்பும் கேள்வியும் சேர்ந்து 1,700 டோக்கன் என்றால் 17 பைசா. `max_tokens` 600 என்று வைத்தால் பதில் அதிகபட்சம் 24 பைசா. ஆக இந்தக் கேள்விக்கு 41 பைசாவுக்கு மேல் ஆகாது. மாடலைக் கூப்பிடும் முன் அந்த 41 பைசாவை அவர் கணக்கில் பிடியுங்கள். பதில் 250 டோக்கனில் முடிந்தால் உண்மைச் செலவு 27 பைசா, 14 பைசாவைத் திருப்பி விடுங்கள்.

பைசாவில் பின்னம் வருவதால் ரூபாயின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து முழு எண்ணாகவே எழுதுங்கள். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே வரியில் நடக்க வேண்டும்:

```sql
UPDATE budget
   SET used = used + 410000
 WHERE user_id = 17 AND day = '2025-07-09'
   AND used + 410000 <= cap;
```

அன்றைய வரிசை முன்பே டேபிளில் இருக்க வேண்டும். அப்புறமும் மாறிய வரிசை 0 என்றால் வரம்பு தீர்ந்தது, 429 அனுப்புங்கள். ஒரே நேரத்தில் மூன்று கேள்வி வந்தாலும் Postgres அந்த வரிசையைப் பூட்டி ஒவ்வொன்றாகத்தான் விடும். மொத்த 300 ரூபாய்க்கும் இதே மாதிரி ஒரு வரிசை, அதே டிரான்சாக்‌ஷனில், எப்போதும் ஆளின் வரிசைக்குப் பிறகு. ஒன்றில் இடமில்லை என்றால் இரண்டையும் ரோல்பேக். டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டே மாடலைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முதலில் கமிட், பிறகு அழைப்பு. இல்லையென்றால் பதில் வந்து முடியும்வரை மொத்த வரிசை பூட்டிக் கிடக்கும், பின்னால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

கோடநாடு_பனி | 9 ஜூலை, இரவு 10:30

புரிகிறது. ஆனால் கூப்பிடும் முன் 1,700 டோக்கன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு எழுத்துக்கு ஒரு டோக்கன் என்று படித்து வைத்திருக்கிறேன்.

லவ்டேல்_லதா | 10 ஜூலை, காலை 9:40

அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு வைத்தால் நிச்சயம் குறைவாக மதிப்பிடுவீர்கள், எவ்வளவு குறைவு என்பது மாடலைப் பொறுத்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்தில் ஒரே தமிழ் வாக்கியம் பழைய முறையில் 116 டோக்கன், புதியதில் 35. மாடல் மாறினால் கணக்கே மாறும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய மேல்வரம்பு ஒன்று வேண்டுமானால் பைட்டை எண்ணுங்கள்: `len(text.encode("utf-8"))`. பைட் அடிப்படையில் வெட்டும் டோக்கனைசரில் டோக்கன் எண்ணிக்கை பைட்டைத் தாண்டாது, அழைப்பைச் சுற்றி நிறுவனம் சேர்க்கும் குறிகளுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "கொ" என்பது கண்ணுக்கு ஒரே எழுத்து, உள்ளே இரண்டு குறி, 6 பைட். இது ரொம்ப அதிகமாகவே காட்டும். அதனால் சில நாள் usage-ஐச் சேர்த்து வைத்து, உங்கள் ஆட்கள் எழுதும் தமிழில் ஒரு டோக்கனுக்கு எத்தனை பைட் வருகிறது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

கோடநாடு_பனி | 10 ஜூலை, இரவு 8:15

இங்கே பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள். "koppulam vandhurukku enna marundhu". மாடலுக்குப் புரிந்துவிடுகிறது, அது வரையில் பரவாயில்லை.

பிடித்து வைக்கும் முறையை எழுதிவிட்டேன். இன்னொரு தொல்லை முளைத்தது. `max_tokens` 600 வைத்ததும் ஒருவருக்கு வந்த பதில் "காப்பர் ஆக்சிகுளோரைடு ஒரு லிட்டர் தண்ணீருக்கு" என்பதோடு நின்றுவிட்டது. அளவு இல்லை! மருந்து விஷயத்தில் இது விளையாட்டல்ல. அவர் நல்ல வேளையாக எனக்கே போன் செய்து கேட்டார்.

வெலிங்டன்_வாசி | 10 ஜூலை, இரவு 9:05

`max_tokens` வெறும் கத்தி. பதிலைச் சுருக்கச் சொல்லி மாடலுக்கு அது தெரிவிக்காது, எட்டியதும் வெட்டும். சுருக்கமாக எழுது என்பதை உங்கள் குறிப்பில் சொல்ல வேண்டும், ஆறு வாக்கியத்துக்குள் என்பது போல. வரம்பு அதற்கு மேலே காவலுக்கு இருக்கட்டும். வெட்டுப்பட்டதா என்பது பதிலோடு வரும் `finish_reason`-இல் தெரியும், `length` என்றிருக்கும். சில நிறுவனங்களில் அதன் பெயர் `stop_reason`, மதிப்பு `max_tokens`. அது வந்தால் பதிலுக்குக் கீழே "முழுமையாக வரவில்லை, இதை வைத்து மருந்தடிக்க வேண்டாம்" என்று ஆப் காட்டட்டும். அளவைப் பொறுத்தவரை மாடலை நம்பாமல் நீங்களே ஒரு அட்டவணை வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

யோசித்துவிட்டு எழுதும் வகை மாடலுக்கு மாறினால் கவனம். அது யோசிப்பதும் வெளியீட்டுக் கணக்கில்தான் சேரும். 600-ஐயும் யோசித்தே தீர்த்துவிட்டு காலிப் பதில் வந்து நிற்கும், காசு மட்டும் போயிருக்கும்.

கொடை_விடுதி | 11 ஜூலை, காலை 10:10

கீ ஆப்புக்குள்தான் இருந்ததாம். தம்பி ஒத்துக்கொண்டான். ரத்து செய்தாயிற்று. இனி சர்வர் வைக்க வேண்டுமாம், அதற்கு மாதம் தனியாகக் காசாம். எனக்கு வரும் கேள்வியெல்லாம் ஒரே ஏழெட்டுதான்.

லவ்டேல்_லதா | 11 ஜூலை, காலை 10:32

அப்படியானால் உங்களுக்கு மாடலே வேண்டாம் அண்ணா. அந்த ஏழெட்டுக்கும் பதில் எழுதி ஒரு பக்கத்தில் போட்டு வரவேற்பறையில் க்யூஆர் ஒட்டிவிடுங்கள்.

கோடநாடு_பனி | 12 ஜூலை, இரவு 9:55

அறுந்து போகும் பதில்களுக்கு வருகிறேன். பிடித்து வைத்தது சரி, ஆனால் சிக்னல் போனவற்றில் தொகை அப்படியே நிற்கிறது. லாகில் இப்படி வரிசையாக:

```
req=7c1e status=reserved in=1712 out=NULL
req=7c22 status=reserved in=1712 out=NULL
req=7c2f status=settled  in=1712 out=243
```

மூன்றும் ஒரே ஆள், ஒரே கேள்வி. போன் துண்டித்தால் மாடலையும் நிறுத்திவிடலாமா?

வெலிங்டன்_வாசி | 13 ஜூலை, காலை 8:20

சமவெளியில் என்றால் நிறுத்து என்பேன். மலையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடனே நிற்கிறதா என்பதே நிறுவனத்தைப் பொறுத்தது. நின்றாலும் உள்ளீட்டின் 17 பைசா போனது போனதுதான். சிக்னல் வந்ததும் அவர் திரும்பக் கேட்பார், இன்னொரு 17 பைசா. உங்கள் லாகில் அதே கேள்விக்கு உள்ளீடு மட்டும் மூன்று தடவை, 51 பைசா. முதல் தடவையே முடிக்க விட்டிருந்தால் பதிலோடு சேர்த்து 27 பைசாவில் முடிந்திருக்கும்.

மாடலோடு பேசுவதைத் தனி டாஸ்க்காக ஓட விடுங்கள், `asyncio.create_task`. அந்த டாஸ்க்கை எங்காவது ஒரு செட்டில் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் பைதான் பாதியில் அதைக் குப்பையில் தள்ளிவிடலாம். அது வரும் துண்டுகளை ஒரு க்யூவில் போடட்டும், முடிந்ததும் பதிலை டேபிளில் எழுதிக் கணக்கைத் தீர்க்கட்டும். போன் இருந்தால் அந்தக் க்யூவிலிருந்து படித்துக்கொள்ளும், போனால் போகட்டும். கேள்வி அனுப்பும்போதே போன் ஒரு UUID உருவாக்கி அனுப்ப வேண்டும், திரும்ப முயலும்போதும் அதே UUID. சர்வரில் அந்த எண் ஏற்கெனவே இருந்தால் மாடலைக் கூப்பிடாமல் எழுதி வைத்த பதிலைக் கொடுங்கள்.

சர்வரே விழுந்து எழுந்தால் சில கணக்குகள் தீராமல் கிடக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் கிடப்பதை முழுத் தொகைக்கே செலவு என்று மூடுங்கள்.

லவ்டேல்_லதா | 13 ஜூலை, மதியம் 12:15

இங்கே மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் சர்வர் விழுந்ததற்கு விவசாயியின் 5 ரூபாயில் ஏன் கழிக்க வேண்டும்? மொத்தக் கணக்கில் முழுத் தொகையை வையுங்கள், ஆளின் கணக்கில் திருப்பிக் கொடுங்கள்.

வெலிங்டன்_வாசி | 13 ஜூலை, மதியம் 12:50

ஆளுக்குத் திருப்பிக் கொடுப்பது வழக்கம் என்று ஆகிவிட்டால், சர்வரைத் தடுமாற வைக்கும் நீளமான கேள்வியை அனுப்பி அனுப்பி இலவசமாகப் பயன்படுத்த ஒருவன் வருவான்.

லவ்டேல்_லதா | 13 ஜூலை, மதியம் 1:04

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை பறிக்கிறவரா?

ஊட்டி_உருளை | 13 ஜூலை, மதியம் 1:20

அவர் பையன் கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படிப்பான், லதா அக்கா. குறைவாக எடை போடாதீங்க 😄

கோடநாடு_பனி | 19 ஜூலை, இரவு 10:20

தனி டாஸ்க், UUID இரண்டும் ஒரு வாரமாக ஓடுகின்றன. 17ஆம் தேதி மறுபடி டவர் போய்ப் போய் வந்தது. என் கணக்கு 203, அவர்கள் கணக்கு 211. முதலில் 232 என்று காட்டி என்னைப் பயமுறுத்தியது. அவர்கள் நாள் UTC-யில், நம் காலை 5:30-க்குத்தான் தொடங்குகிறது. இங்கே விடியற்காலை 5 மணிக்கே கேள்வி வர ஆரம்பித்துவிடும், அதெல்லாம் அவர்களுக்கு முந்தைய நாள். மணி வாரியாக எடுத்து நம் நேரத்துக்கு மாற்றிக் கூட்டினால்தான் 211 வருகிறது. மீதி 8 ரூபாய் எங்கே என்று இன்னும் தேடுகிறேன். ரூபாய் மாற்று விகிதத்தை நான் மாதத்துக்கு ஒன்றாக வைத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். டாலரிலேயே கணக்கு வைத்துப் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரே உரையாடலை நீட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு 5 ரூபாய் வேகமாகத் தீர்கிறது. மாடலுக்கு ஞாபகம் கிடையாது, பழைய கேள்வி பதில் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் நான்தான் திரும்ப அனுப்புகிறேன். அண்ணா வைத்த விலையிலேயே போட்டுப் பார்த்தேன். குறிப்பு 1,500, கேள்வி 100, பதில் 250 என்றால் முதல் கேள்வி 26 பைசா. பத்தாவது கேள்வியில் உள்ளீடு மட்டும் 4,750 டோக்கன், பதிலோடு சேர்த்து 57 பைசாவுக்கு மேல். இப்போதைக்குக் கடைசி மூன்று கேள்வி பதிலை மட்டும் அனுப்புகிறேன். "நேத்து சொன்ன மருந்தே போதுமா" என்று கேட்கிறவருக்கு அது பற்றாது.

லதா அக்கா சொன்னபடி ஆளின் கணக்கில் திருப்பிக் கொடுக்கிறேன், ஆனால் நாளைக்கு மூன்று முறைக்கு மேல் இல்லை.

வெலிங்டன்_வாசி | 20 ஜூலை, காலை 7:15

மூன்று என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

கோடநாடு_பனி | 20 ஜூலை, காலை 7:31

சும்மாதான் அண்ணா. லாகில் ஒரு மாதம் பார்த்துவிட்டு மாற்றுகிறேன்.